ஈர்க்கு ஒடிந்த சத்தம்

எங்கள் பள்ளி மலருக்கு ஒரு சிறுகதை தர வேண்டுமென்று தமிழ் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஐவரும் சேர்ந்து எழுதத் தொடங்கினோம். கதை முழுவதையும் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. அதன் முதல் பத்தியைப் பற்றி மட்டுமே, தோழியரே, உங்களோடு பேச விரும்புகிறோம். எங்கள் நேரத்தில் பாதியை அந்த ஒரு பத்திதான் எடுத்துக்கொண்டது.

அது முதலில் இப்படி இருந்தது:

"செல்வி ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். தாய் பல வீடுகளில் வேலை செய்து, மிகவும் துன்பப்பட்டு அவளைப் படிக்க வைத்து வந்தாள். தேர்வுக் கட்டணம் கட்டப் பணமில்லாமல் மிகவும் கவலைப்பட்டாள். கடைசியில் தன் தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள்."

இதில் பிழை ஒன்றுமில்லை. கதைக்குத் தேவையான செய்தி அத்தனையும் இருக்கிறது. ஆனால் படிப்பவள் எங்கே நிற்கிறாள்? வீட்டிலா, தெருவிலா, அடகுக் கடையிலா? எங்குமில்லை. இரண்டு ஆண்டுகள் ஐந்து வாக்கியங்களில் ஓடிவிடுகின்றன. ஒரு நிமிடங்கூட நம் கண்முன் நடப்பதில்லை.

எங்கள் தமிழாசிரியை அந்தப் பத்தியில் இரண்டே வகைச் சொற்களின் கீழ்க் கோடு போட்டுத் தந்தார். ஒன்று, 'பல', 'மிகவும்' போன்ற அளவுச் சொற்கள். மற்றது, 'படிக்க வைத்து வந்தாள்' என்பதைப் போன்ற வினைமுற்று. 'வைத்து வந்தாள்', 'வளர்த்து வந்தாள்', 'வாழ்ந்து வந்தாள்' என்று எழுதும்போது, பல நாள் நடந்ததைச் சுருட்டிச் சொல்கிறோம். ஒரு முறை, ஓர் இடத்தில் நடந்ததற்கு 'எடுத்தாள்', 'ஒடித்தாள்', 'மூடினாள்' என்றுதான் எழுத வரும். ஒரு பத்தி சுருக்கமா காட்சியா என்று ஐயம் வந்தால் வினைமுற்றுகளைப் பார்த்தால் போதும். நீங்களும் உங்கள் கட்டுரை நோட்டை எடுத்துப் பாருங்களேன்!

அடுத்த கேள்வி, எந்த நிமிடத்தைக் காட்டுவது என்பது. தந்தையின் மரணத்தைக் காட்டினால் எல்லோரும் அழுவார்கள் என்றாள் எங்களில் ஒருத்தி. உண்மைதான். ஆனால் அப்படித் தொடங்கினால் அது தந்தையைப் பற்றிய கதையாகிவிடும். எங்கள் கதையின் முடிச்சோ தேர்வுக் கட்டணம். அடகுக் கடையைக் காட்டலாம் என்றால், அங்கே செல்வி இல்லை. ஆகையால் பணம் தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு மாறும் காலைப்பொழுதைத் தேர்ந்துகொண்டோம். அங்கே இருவரும் இருக்கிறார்கள். பணம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறாள் மகள். அவள் கேட்டுவிடக் கூடாதே என்று விரும்புகிறாள் தாய். இந்த இழுபறி இருந்தால்தான் ஒரு நிமிடம் காட்சியாக நிற்கும். இல்லாவிட்டால் வெறும் வருணனைதான்.

இனி, கண், காது, மூக்கு ஆகிய புலன்கள். காலைப்பொழுது என்றவுடனே சேவல் கூவும், குயில் பாடும், மல்லிகை மணக்கும், புல்லில் பனித்துளி மின்னும்! இவையெல்லாம் எந்தக் கதையின் காலைக்கும் பொருந்துபவை. ஆகவே இந்தக் கதைக்கு உதவாதவை. செல்வி பாயில் படுத்திருக்கிறாள் அல்லவா? அவளுக்கு முதலில் சத்தம் கேட்கும், பிறகு நாற்றம் வரும், கண்ணைத் திறந்தால்தான் காட்சி. அந்த வரிசையிலேயே போவது என்று முடிவு செய்தோம். எந்தச் சத்தம் என்பதுதான் தெரியவில்லை.

அப்போது, அதுவரை பேசாமலிருந்த எங்கள் தோழி சொன்னாள்: "தோட்டைக் கழட்டினா, துளை தூர்ந்து போயிடாம இருக்க ஈர்க்கு ஒடிச்சு வச்சுக்குவாங்க. எங்கம்மா வச்சிருந்தாங்க."

நாங்கள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கதையில் அதை எழுதலாமா என்று அவளையே கேட்டோம். "எழுதுங்க. ஆனா எங்கம்மா அழலே. அழுதான்னு எழுதாதீங்க" என்றாள். அந்தச் சொல்லை மனத்தில் வைத்து எழுதிய பத்தி இது:

"துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்று ஒடிபடும் சத்தம் கேட்டுச் செல்வி விழித்தாள். அடுப்பு மூட்டவில்லை; நேற்றைய சாம்பல் நாற்றம் மட்டும் இருந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரிலிருந்த கண்ணாடித் துண்டின் முன் நின்றாள். ஒடித்த ஈர்க்கை நாக்கில் நனைத்துக் காதில் வைத்து மெல்ல அழுத்தினாள். பிறகு மற்றக் காதில்.

'என்னம்மா பண்றே?'

'ஒண்ணுமில்லே. எழுந்து மூஞ்சியைக் கழுவு.'

ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. அதை யாரும் போட்டு இரண்டு வருஷமாகிறது. அதன் பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த நோட்டுகளை எடுத்தாள் அம்மா. செல்வியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடினாள். 'ரசீது வாங்கிக்கோ' என்றாள். முந்தானையை இழுத்துக் காதுகளை மறைத்துக்கொண்டாள்."

'ஏழை' என்ற சொல் போய்விட்டது. அதன் வேலையைக் கண்ணாடித் துண்டும் மூட்டாத அடுப்பும் செய்கின்றன. தந்தை இறந்த செய்திக்குத் தனி வாக்கியம் தேவைப்படவில்லை, சட்டையே சொல்லிவிட்டது. அதிலும், பணத்தை அஞ்சறைப் பெட்டியில் வைக்காமல் அந்தச் சட்டைப் பையில் வைக்கிறாளே, அது அவள் கணவனை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. 'கவலை' இருந்த இடத்தில் முந்தானை வந்தது. 'பல வீடுகளில் வேலை' மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. வலிந்து நுழைத்தால் தாயும் மகளும் தமக்கு முன்பே தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போலாகிவிடும். அதைப் பின்னால் வரும் பகுதிக்குத் தள்ளிவிட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். பத்தி இருமடங்காக நீண்டுவிட்டது. மலரில் எங்களுக்குக் கிடைத்ததோ இரண்டே பக்கம்! எல்லாவற்றையும் இப்படியே எழுதினால் கதை பாதியில் நின்றுவிடும். ஆகவே, செல்வி பள்ளி அலுவலகத்தில் பணம் கட்டுவதை ஒரு காட்சியாக விரிக்காமல், 'பத்து மணிக்குள் கட்டணம் கட்டியாயிற்று' என்று ஒரே வரியில் தாண்டினோம். அங்கே யாருக்கும் யாரோடும் இழுபறி இல்லை. சுருக்கம் அங்கேதான் தன் வேலையைச் செய்கிறது.

எழுதியதை ஆறாம் வகுப்புத் தங்கைகளிடம் எடுத்துச் சென்றோம். பழைய பத்தியைப் படித்துக்காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டோம். "பாவம் அக்கா, ஏழைங்க" என்றார்கள். புதியதைப் படித்ததும் ஒரு சிறுமி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனால் இன்னும் மூவர், "குச்சியை எதுக்குக்கா காதிலே வைக்கணும்?" என்று கேட்டனர். இந்த வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு அந்தப் பத்தி முழுவதுமே புதிராகிவிடும். 'துளை அடைபடாமலிருக்க' என்று நாங்களே நடுவில் விளக்கினால், படுத்திருக்கும் செல்வியை விட்டுவிட்டு நாங்கள் முன்னால் வந்து நிற்போம். ஆகவே பத்தியைத் தொடாமல், அடுத்து வரும் தெருக்குழாய்க் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு வரி கொடுத்தோம். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் செல்வியின் அம்மாவைப் பார்த்து, "நல்லா உள்ளே தள்ளி வச்சுக்கடி, துளை தூர்ந்துடும். திருப்பறதுக்கு எத்தனை மாசமோ" என்கிறாள். செல்வி வரிசையில் பின்னால் நின்று அதைக் கேட்கிறாள்.