மழை லீவும் ஒரு மஞ்சள் அட்டையும்

ஐப்பசி மழை வந்தாச்சு. காலையில் டிவியில் "பள்ளிகளுக்கு இன்று விடுமுறை" என்று ஓடினால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் குதிப்பார்கள். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளின் வீட்டில் மட்டும் அன்றைக்கு நிலைமையே வேறு. அந்த வீடுகளுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பார்க்கும் ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். பெயரைக் கவின் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயது. ரெண்டு மூணு வார்த்தை சேர்த்துப் பேசுவான். காலையில் பல் தேய்த்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டு, இட்லி சாப்பிட்டு, ஷூ மாட்டி, வேன். இந்த வரிசை மாறாதவரை அவனைப் போல சமத்துப் பிள்ளை கிடையாது.

போன வருஷம் ஒரு நாள் வேன் வரவில்லை. மழை லீவு. அவன் ஷூவோடு கேட்டில் நின்றான். "லீவுடா கண்ணா, ஸ்கூல் இல்லடா" என்று அம்மா, அப்பா, பாட்டி மூன்று பேரும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு மணி நேரம் அலறல். கையைக் கடித்து ரத்தம். அந்த சீசனில் இப்படி நாலு நாள். நாலாவது நாள் வீட்டு ஓனர், "வேற வீடு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

அம்மா முதலில் கேட்டது, "அமைதியா இருக்க மாத்திரை எதாவது இருக்கா டாக்டர்?"

அவனுக்கு அது அடம் இல்லை. "லீவு" என்ற சொல்லுக்கு உருவம் கிடையாது. சொன்ன அடுத்த நொடி காற்றில் போய்விடும். ஆனால் போட்டிருக்கிற ஷூ கண் முன்னால் இருக்கிறது, கேட் இருக்கிறது. இதெல்லாம் "வேன் வரும்" என்று சொல்கிறது. மூன்று பேர் சேர்ந்து பேசப் பேச அவனுக்குச் சத்தம்தான் கூடியது, செய்தி போய்ச் சேரவில்லை.

"ஷெட்யூல் எல்லாம் இருக்கு டாக்டர், தெரபி சென்டர்ல குடுத்தாங்க" என்றார். போட்டோ காட்டினார். ஏ4 தாளில் பல் துலக்குவதிலிருந்து வேன் வரைக்கும் படங்கள் வரிசையாக, அழகாக லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருந்தது.

சிக்கலே அங்கேதான். அந்தத் தாளில் தினமும் வேன் இருக்கிறது. மழை லீவு அன்றும் இருக்கிறது. பையன் படித்தது சரி, தாள்தான் அவனிடம் பொய் சொன்னது.

காட்சி அட்டவணை புதுசு இல்லை. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீச் திட்டத்தில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். நாளை அப்படியே உறைய வைப்பதற்கு இல்லை அது. மாற்றம் வந்தால் காட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடம்தான் அட்டவணை. அதனால் படங்கள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

செலவு அதிகமில்லை. தையல் சாமான் கடையில் வெல்க்ரோ, அதாவது ஷூவில் சர்ரென்று பிரிப்போமே அந்தப் பட்டை, மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு அட்டையில் பட்டையை நீளமாக ஒட்டினோம். அவனுடைய சொந்த ஷூ, சொந்தத் தட்டு, அவனுடைய வேன், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டோம். காலைக்கு ஆறு படம் போதும். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவனே கழற்றி "முடிஞ்சது" டப்பாவில் போட வேண்டும். அவர்கள் வீட்டில் அது பழைய முறுக்கு டப்பா.

முன்னால் ஒன்று சோதித்தோம். ஷூ படத்தைக் காட்டி ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். அவன் போய் ஷூவை எடுத்து வந்தான். படம் புரிகிறது என்று அர்த்தம். எடுத்து வராத குழந்தைக்குப் படம் இன்னும் சீக்கிரம். தம்ளர், டவல் என்று பொருளையே வரிசையாக வைத்துத் தொடங்க வேண்டும்.

இப்போது மஞ்சள் அட்டை. வெறும் மஞ்சள் சதுரம், நடுவில் ஒரு வளைந்த அம்புக்குறி. அர்த்தம்: "இது மாறுது." எந்தப் படம் மாறுகிறதோ அதன் மேல் இதை ஒட்டி, பக்கத்தில் புதுப் படத்தை வைக்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் இதை முதல் முறையாக மழை லீவு அன்றே எடுக்கிறார்கள். அப்போது குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? மஞ்சள் வந்தால் பிடித்தது பறிபோகும் என்றுதான். அடுத்த முறை அட்டையைப் பார்த்தாலே அலறும், அல்லது எடுத்து ஒளித்து வைக்கும். ஒளித்து வைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

அதனால் நல்ல மாற்றத்தில் தொடங்கினோம். சாயங்காலம் "எழுத்து" படத்தின் மேல் மஞ்சள், பக்கத்தில் ஊஞ்சல். யார் வேண்டாம் என்பார்கள்? வாரத்துக்கு மூன்று தடவை இப்படி. ரெண்டு வாரம் கழித்து நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத மாற்றம்: இட்லிக்குப் பதில் தோசை. அப்புறம் லேசாகப் பிடிக்காதது: பார்க்குக்குப் பதில் மொட்டை மாடி. மஞ்சளைப் பார்த்ததும் அவன் கண் தானாகப் பக்கத்துப் படத்துக்குப் போகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அது போனால் புரிந்துவிட்டது. ஆகஸ்டில் ஆரம்பித்தோம், செப்டம்பர் கடைசியில் போனது.

கூடவே ஒரு சோஷியல் ஸ்டோரி. கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. குழந்தையின் பார்வையிலிருந்து ஒரு சூழ்நிலையை விளக்கும் சின்ன எழுத்து, படத்தோடு. அப்பா ஆர்வமாக அன்றைக்கே எழுதி அனுப்பினார்: "மழை பெய்தால் ஸ்கூல் லீவு. நான் அழக்கூடாது. கையைக் கடிக்கக்கூடாது. சமத்தாக இருந்தால் நாளைக்கு வேன் வரும்."

பாசமாக எழுதியதுதான். ஆனால் இது கதை இல்லை, உத்தரவு. ஏன் வேன் வரவில்லை என்ற அவனுடைய கேள்விக்குப் பதிலே இல்லை. கடைசி வரி இன்னும் ஆபத்து. அவன் சமத்தாக இருந்தும் மறுநாளும் லீவு விட்டால்? கதையில் பொய்யாகிவிடக்கூடிய எந்த வாக்கியமும் இருக்கக்கூடாது. "தினமும்" வேண்டாம், "நிறைய நாள்" போதும். "நாளைக்கு" வேண்டவே வேண்டாம்.

திருத்தி எழுதியது இது:

"நான் நிறைய நாள் வேனில் ஸ்கூலுக்குப் போவேன். சில நாள் பெரிய மழை பெய்யும். ரோட்டில் தண்ணீர் நிற்கும். அப்போது ஸ்கூலை மூடுவார்கள். வேன் ஷெட்டில் நிற்கும். டிரைவர் அண்ணா அவர் வீட்டில் இருப்பார். மிஸ் அவங்க வீட்டில் இருப்பாங்க. அம்மா போர்டில் மஞ்சள் அட்டை வைப்பாங்க. அன்று என்ன செய்வோம் என்று படம் இருக்கும். எனக்கு வேன் பிடிக்கும். அது வராவிட்டால் அழுகை வரலாம். அப்போது நான் ஊஞ்சலில் உட்காரலாம். அம்மா பக்கத்தில் இருப்பாங்க. மழை லீவு முடிந்ததும் அம்மா வேன் படத்தைத் திரும்ப வைப்பாங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை. எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று சொல்கிறது. ஷெட்டில் நிற்கும் வேனை டிரைவர் அண்ணாவே படம் எடுத்து அனுப்பினார். கதையில் கவினுக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான். வேன் எங்கே போனது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதே!

தினம் ஒரு தடவை, சாயங்காலம், வெயில் அடிக்கிற நாளிலும் படித்தார்கள். அலறும்போது கதை படிக்கவே கூடாது. அப்போது பேச்சைக் குறைத்து, கையைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொண்டு, போர்டை மட்டும் காட்டினால் போதும்.

இன்னொன்றும் தயார் செய்தோம். ஒரு கவரில் மழை லீவு படங்கள்: வாளித் தண்ணீர் விளையாட்டு, பாட்டியோடு அப்பளம், பிளாக்ஸ். ஸ்கூல் நேரம் காலியாகக் கிடந்தால் அவன் மனசு கேட்டுக்கே போகும். மாற வேண்டாதது எதுவும் மாறக்கூடாது என்றும் சொன்னேன். மதியம் 12.15க்கு வீட்டிலேயே டிஃபன் பாக்ஸைத் திறந்து சாப்பாடு, அதே தயிர் சாதம்.

அக்டோபரில் முதல் லீவு. அவன் எழுவதற்கு முன்பே மஞ்சள் ஒட்டியாச்சு. அழுதான், இருபது நிமிஷம். ரெண்டு தடவை கேட்டுக்குப் போனான். அப்புறம் அம்மா கழற்றி வைத்திருந்த வேன் படத்தைத் தேடி எடுத்து, மஞ்சளைப் பிடுங்கிவிட்டுப் போர்டில் ஒட்டினான். "என்ன டாக்டர் இப்படிப் பண்றான்" என்று அம்மா வாய்ஸ் மெசேஜ். எனக்கு ஒரே சந்தோஷம். கையைக் கடித்துச் சொன்னதை இன்றைக்குப் படத்தை வைத்துச் சொல்கிறான், "எனக்கு வேன்தான் வேணும்" என்று. திட்டாமல் மஞ்சளைத் திரும்ப ஒட்டி, ஷெட் படத்தைக் காட்டச் சொன்னேன். கடிக்கவில்லை.

எல்லா நாளும் இப்படிப் போகவில்லை. ஒரு நாள் அறிவிப்பு 7.15க்கு வந்தது. ஷூ மாட்டியாச்சு. அன்றைக்குப் பழையபடி அலறல், கடியும் உண்டு. ஷூ ஏறிய பிறகு மஞ்சள் அட்டைக்கு வலு கம்மி. முந்தின ராத்திரியே "வேனா, வீடா?" என்று கேள்விக்குறி அட்டை வைத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்கு அது சரிப்படும். கவின் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போர்டைப் போய்ப் பார்த்தான். விட்டுவிட்டோம். அதற்குப் பதில் மழை நாளில் இட்லிக்கும் யூனிஃபார்முக்கும் இடையில் "அம்மா போன் பார்ப்பாங்க" என்று ஒரு படம். செய்தி உறுதியான பிறகுதான் யூனிஃபார்ம். இதையும் மூன்று வாரம் மழையில்லாத நாளில் பழக்கினார்கள்.

"படம் காட்டினா பேச்சு வராதாமே?" என்று பாட்டி கேட்டார். நிறைய பேர் கேட்பதுதான். படம் பேச்சைத் தடுக்காது பாட்டி. கவின் இப்போது "வேன் ஷெட்" என்று சேர்த்துச் சொல்கிறான்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சோஷியல் ஸ்டோரி எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, ஆய்வுகளிலும் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட சூழ்நிலைக்கு உதவலாம், ஆட்டிசத்தையே மாற்றாது. இன்னொன்று, நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை அதே போர்டு, அதே படத்தோடு திடீரென்று மோசமானால் போர்டைத் திருத்துவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். பல் வலி, காது வலி, மலச்சிக்கல். சொல்லத் தெரியாத வலி இப்படித்தான் வெளியே வரும். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, அது வேறு பதிவு.

மாத்திரை எழுதவில்லை. வீட்டு ஓனர் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை, "பொங்கல் வரைக்கும் பாக்கலாம்" என்றிருக்கிறார். ஓனர் வீட்டம்மா மட்டும் ஒரு நாள் வந்து போர்டைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

அடுத்த மாதம் டிரைவர் அண்ணா ஊருக்குப் போகிறார், புது டிரைவர் வருகிறார். அதே வேன் பக்கத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ கேட்டிருக்கிறோம். அப்பாவே முதல் வரைவு எழுதி அனுப்பிவிட்டார். இந்தத் தடவை ஒரு "கூடாது" கூட இல்லை.