சனிக்கிழமைக் காலைப் பாடம்

பாலக்கோட்டில் திருக்குர்ஆன் மனனப் பிரிவில் நாம் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகின்றோம். பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஹஜ்ரத், பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாமா?" இறுக்கிப் பிடித்ததால் தேறிய பிள்ளைகளையும் கண்டிருக்கின்றோம், அதனாலேயே தேய்ந்துபோன பிள்ளைகளையும் கண்டிருக்கின்றோம். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறியும் வழியை நாம் ஒரு மாணவர் விஷயத்தில் தவறிழைத்த பிறகே கற்றுக்கொண்டோம்.

மனனப் பிரிவு மாணவருக்கு அன்றாடம் மூன்று வேலைகள். புதிதாக மனனமிட்ட ஸபக்கை ஒப்புவிப்பது முதலாவது. அண்மையில் முடித்த பக்கங்களைத் திருப்பி ஓதுவது இரண்டாவது. முன்பே முடித்த ஜுஸ்உகளில் ஒரு பகுதியைப் பார்க்காமல் ஓதிக்காட்டுவது மூன்றாவது. எங்கெங்கே தடுமாறினார், எத்தனை முறை எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நாம் ஒரு நோட்டில் குறித்து வைப்போம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

அந்த மாணவருக்கு அப்போது வயது 13. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. சுப்ஹுக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் நம்மிடம் ஓதுவார். 14 ஜுஸ்உகளை முடித்திருந்தார். நாளொன்றுக்கு அரைப் பக்கம் புதிய பாடம். அவருடைய தந்தை தக்காளி வியாபாரி. அடுத்த ஆண்டு பட்டமளிப்பு விழாவிலேயே மகன் தலைப்பாகை அணிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. கணக்குப் போட்டோம். ஜுஸ்உவுக்கு 20 பக்கம் வீதம் மீதமிருந்தவை 320 பக்கங்கள். அரைப் பக்கமாக ஓதினால் 640 பாட நாட்கள், அதாவது இரண்டு ஆண்டுகள். ஒரு பக்கமாக ஓதினால் ஓராண்டில் முடிந்துவிடும். நாமும் இசைந்தோம்.

முதல் மாதம் மிக நன்றாகச் சென்றது. மாணவர் முந்தி வந்தமர்ந்தார். அவர் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது. இரண்டாம் மாதத்திலும் புதிய பாடத்தில் குறையில்லை. ஆனால் பழைய பாடம் கரையத் தொடங்கியது. முன்பு ஒரு ஜுஸ்உவுக்கு இரண்டு, மூன்று இடங்களில் எடுத்துக்கொடுத்தால் போதும். மூன்றாம் மாதத்தில் அது பத்தைத் தாண்டியது. ஒன்றுபோல் தொடங்கும் வசனங்களில் ஒரு சூராவிலிருந்து வேறொரு சூராவுக்குத் தாவிவிடுவார். நாம் அதைச் சோம்பல் என்று எண்ணினோம். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் கூடுதலாக உட்காரவைத்தோம். நம்முடைய தவறு அதுதான்.

நான்காம் மாதத்தில் வியாழக்கிழமைதோறும் அவருக்கு வயிற்று வலி வந்தது. அன்றுதான் வாரப் பாடத்தை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புவிக்க வேண்டும். தோழர்களோடு ஓயாமல் வாதாடும் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டார். "இரவில் படுத்தாலும் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது" என்று அவருடைய தாயார் சொல்லியனுப்பினார். அன்றிரவு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். உண்மை சனிக்கிழமைப் பக்கங்களில் இருந்தது.

முதல் மாதத்தில் வியாழனன்று களைப்பினால் தவறுகள் கூடியிருந்தன. வெள்ளியன்று ஓய்ந்து, சனிக்கிழமைக் காலையில் தெளிவாக ஓதியிருந்தார். மூன்றாம் மாதத்திலிருந்து சனிக்கிழமையும் வியாழக்கிழமையைப் போலவே இருந்தது. ஒரு நாள் ஓய்வும் இரண்டு இரவு உறக்கமும் அவரை மீட்கவில்லை. பயன் தரும் அழுத்தம் களைப்பைத் தரும். அந்தக் களைப்பு ஓய்வில் நீங்கிவிடும். தேய்க்கும் அழுத்தத்தில் களைப்பு நீங்காமல் அடுத்த வாரத்தின் மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது. ஆகவே பிள்ளை எவ்வளவு சுமக்கிறார் என்பதைவிட, ஓய்வுக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்புகிறாரா என்பதையே பார்க்க வேண்டும்.

அழுத்தமே கூடாது என்று இதற்குப் பொருளன்று. 1908ஆம் ஆண்டு அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இருவர் எலிகளுக்கு இரண்டு பெட்டிகளை வைத்து, தவறான பெட்டியில் நுழைந்தால் மின்னதிர்ச்சி கொடுத்தனர். பெட்டிகளின் வேறுபாடு எளிதில் தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமானபோதோ மிதமான அதிர்ச்சியே பயன் தந்தது. கடுமையான அதிர்ச்சி கற்றலைத் தாமதப்படுத்தியது. எலிக்குக் கண்டது பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் நம் வகுப்பில் கண்டதும் இதற்கு நெருக்கமானதே. நன்கு பதிந்த பாடத்தைச் சபையில் ஓதும்போது நெஞ்சு படபடப்பது பிள்ளையை விழிப்பாக்குகிறது; ஓதி முடித்ததும் அது அடங்கிவிடுகிறது. ஒத்த வசனங்களைப் பிரித்து மனனமிடும் நுட்பமான வேலைக்கு அதே படபடப்பு இடையூறு. அது இரவிலும் அடங்காவிட்டால் உறக்கம் கெடும். பகலில் ஓதியது நினைவில் நிலைபெற உறக்கம் தேவை. பழைய பாடம் கரைந்ததில் அதற்கும் பங்கிருந்தது.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததே. நாள்தோறும் நோன்பு நோற்று, ஒவ்வோர் இரவும் குர்ஆனை முழுமையாக ஓதிவந்த இளைஞர் அவர். நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, இப்படித் தொடர்ந்தால் கண்கள் குழிவிழும், உடல் நலியும் என்று எச்சரித்து, மாதம் மூன்று நோன்பும் மாதத்துக்கு ஒரு முறை குர்ஆனை முடிப்பதும் போதும் என்றார்கள். தம்மால் இன்னும் இயலும் என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்புக்கும் வாரம் ஒரு முறை ஓதுவதற்கும் அனுமதி பெற்றார். முதுமையில், அன்று தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என வருந்தினார். இயலும் என்று அவர் சொன்னது அன்றைய வலிமைக்குப் பொய்யன்று. ஆனால் தேய்மானம் பல ஆண்டுகளுக்குப் பின்பே தெரிந்தது. நம் மாணவரும் "முடியும் ஹஜ்ரத்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய தந்தையை அழைத்து நோட்டைக் காட்டினோம். முதலில் முகம் வாடினார்; சனிக்கிழமைப் பக்கங்களைப் பார்த்தபின் அமைதியானார். இரண்டு வாரங்களுக்குப் புதிய பாடத்தை நிறுத்தினோம். இஷாவுக்குப் பிந்தைய அரை மணி நேரத்தை நீக்கினோம். வியாழக்கிழமைச் சபையை மட்டும் நீக்கவில்லை. அவருக்கு நன்கு பதிந்த பகுதியை அவரே தேர்ந்து ஓதும்படி மாற்றினோம். மூன்றாவது சனிக்கிழமை அவர் ஒரு ஜுஸ்உவை நான்கே தடுமாற்றங்களோடு ஓதினார். அதன்பின் அரைப் பக்கத்துக்குத் திரும்பினோம். தலைப்பாகை ஓராண்டு தள்ளிப்போயிற்று.

இந்த நோட்டுக்கும் எல்லை உண்டு. சோர்வுக்கு இரத்தச்சோகை, பார்வைக் குறை, பள்ளியில் யாரேனும் துன்புறுத்துவது ஆகியவையும் காரணமாகலாம். அவற்றை நோட்டு காட்டாது. சுமையைக் குறைத்து இரண்டு, மூன்று வாரங்கள் ஆகியும் உறக்கமும் பசியும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும், காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416.

இப்போதும் பெற்றோர் அதே கேள்வியுடன் வருகின்றனர். நாம் நோட்டைத் திறந்து சென்ற சனிக்கிழமையைப் பார்த்த பிறகே பதில் சொல்கின்றோம்.