அண்ணிக்காக ஆடிட்டரிடம் நேரம் கேட்டேன்

என் கணக்கை நானே போட்டுக்கொள்வேன். பென்ஷன், கொஞ்சம் வட்டி, அவ்வளவுதான். சென்ற ஆண்டுகளில் ஆடிட்டர் வாசலை மிதித்ததே இல்லை. 2024 ஜூனில் மிதிக்க வேண்டி வந்தது. அண்ணன் 2023 அக்டோபர் 15 அன்று காலமாகியிருந்தார். ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். ரிட்டர்னை வருஷா வருஷம் தவறாமல் போட்டவர்.

"அவரே இல்லை, அவருக்கு எதுக்குத் தம்பி கணக்கு?" என்றார் அண்ணி. நியாயமான கேள்விதான். ஆனால் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை அவருக்கு வந்த வருமானத்துக்கு அவர் பெயரில் ஒரு ரிட்டர்ன். அதை வாரிசு என்ற முறையில் அண்ணி போட வேண்டும். அதன் பிறகு வந்த குடும்ப ஓய்வூதியமும் வட்டியும் அண்ணியின் வருமானம். அது தனிக் கணக்கு. கடைசி நாள் ஜூலை 31.

தெரிந்த ஆடிட்டர் ஒருவருக்கு ஜூன் 17 அன்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். மே மாதமே போகலாமே என்று தம்பி மகன் சொன்னான். பயனில்லை. வங்கிகள் கடைசிக் காலாண்டில் பிடித்த வரியின் விவரத்தைத் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் உண்டு. ஃபாரம் 16 வர ஜூன் பாதி ஆகிவிடும். ஜூலை கடைசி வாரம் போனாலோ அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

நான் எழுதியது இது:

"வணக்கம் சார். என் அண்ணன் 15.10.2023 அன்று காலமானார். அவருக்கும் அண்ணிக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். அண்ணன் பெயருக்கு இன்னும் வாரிசுப் பதிவு செய்யவில்லை. ஜூலை முதல் வாரத்துக்குள் ஒரு அரை மணி நேரம் வேண்டும். அண்ணியையும் அழைத்து வருகிறேன். என்னென்ன கொண்டு வர?"

வாரிசுப் பதிவு செய்யவில்லை என்று எழுதியது நல்லதாயிற்று. அதைப் பார்த்துத்தான் ஜூன் 24 காலையே வரச் சொன்னார். வருமான வரித் தளத்தில் வாரிசாகப் பதிவு செய்தால் துறை அதைப் பார்த்து ஒப்புதல் தர நாள் பிடிக்கும். அது கிடைத்த பிறகுதான் அண்ணன் பெயரில் ரிட்டர்னே போட முடியும்.

கொண்டு வரச் சொன்னவை: இருவரின் பான், ஆதார், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கருவூலம் தந்த ஃபாரம் 16, அண்ணியின் பாஸ்புக், வங்கியின் வட்டிச் சான்று. கூடவே, ஆதாரோடு இணைந்த நம்பர் இருக்கும் அண்ணியின் போன்.

வாரிசுச் சான்றிதழில் முதல் முட்டு. மனு தாலுகா ஆபீசில் நின்றிருந்தது. ஒரு மகள் துபாயில் இருப்பதால் ஏதோ ஒரு தாள் குறைந்ததாம். போனில் சொன்னேன். "குடும்ப ஓய்வூதிய ஆணை இருக்கா? அதைக் கொண்டு வாங்க, போதும்" என்றார். அரசு தரும் அந்த ஆணையையும் வாரிசுக்கான ஆதாரமாகத் துறை ஏற்கிறது. இது எனக்குத் தெரியாது. அண்ணி அதைப் பூஜை அலமாரியில் மஞ்சள் பையில் வைத்திருந்தார்.

இரண்டாவது முட்டு போன். அண்ணியின் ஆதாரில் இருந்தது அண்ணனின் நம்பர். "அப்பா போனுக்கு எதுக்கு ரீசார்ஜ்?" என்று மகன் மார்கழியிலேயே விட்டுவிட்டான். ஓடிபி வராது. அண்ணியை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய், விரல் ரேகை வைத்து நம்பரை மாற்றினோம். ரேகை நான்கு தடவை பதியவில்லை. பாத்திரம் தேய்த்த கை.

வட்டிதான் பெரிய வேலை. இருவர் பெயரிலும் 12 லட்சம் டெபாசிட், அண்ணன் முதல் பெயர். ஆண்டு வட்டி 90,000. பிடித்த வரி 9,000. நாங்கள் வங்கிக்கு இறப்பைச் சொன்னதே பிப்ரவரியில். அதனால் முழு வட்டியும் அண்ணன் பான் எண்ணில் ஏறியிருந்தது. அதை அப்படியே அவர் கணக்கில் காட்டினால், இறந்த பிறகும் அவர் சம்பாதித்ததாக ஆகும். அக்டோபர் 15 வரை 198 நாள். அந்த ஆண்டு 366 நாள். அண்ணன் பங்கு சுமார் 48,700, அண்ணி பங்கு சுமார் 41,300. பிடித்த வரியையும் அதே கணக்கில் பிரிக்க வேண்டும். "தேதி போட்டுப் பிரித்த வட்டிச் சான்று வேணும், நான் போடுற கணக்கு மட்டும் போதாது" என்றார் ஆடிட்டர். வங்கிக்கு மூன்று நடை. இறந்த வாரமே சொல்லியிருந்தால் ஒரு நடைகூட இல்லை.

ஜூலை 12-ல் வாரிசுப் பதிவுக்கு ஒப்புதல் வந்தது. 19-ஆம் தேதி இரண்டு ரிட்டர்னும் போட்டாயிற்று. அண்ணன் பெயரில் வர வேண்டிய ரீஃபண்டுக்கு அண்ணியின் வங்கிக் கணக்கைக் கொடுத்தோம்.

ஓடிபியை அண்ணியே வாசித்துச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் ஆடிட்டர் தாளை நீட்டினார். அதில் அண்ணன் பெயர், பக்கத்தில் வாரிசு என்று அண்ணியின் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதையும் மஞ்சள் பையிலேயே வெச்சிடறேன் தம்பி" என்றார்.