அரை பார் காற்று

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய மாடியறை ஒன்றில், கணினிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் அமைக்கும் இருவரோடு ஒரு பகல் முழுக்க இருந்தேன். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து ஒரே சுற்று, 14 மி.மீ. பெட்ஜி குழாய். பிளாக்குகள் செம்பு என்பதால் ரேடியேட்டரும் செம்பிலேயே வாங்கியிருந்தார்கள். இடையில் அலுமினியம் நுழைந்தால் அது அரித்துப்போகும். சுற்றின் ஆகத் தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு. அதை மறந்தவர்கள் பராமரிப்பு நாளில் கணினியையே கவிழ்க்க வேண்டியிருக்கும்.

குழாய் பூட்டியதும் தண்ணீர் ஊற்றவில்லை. மானி பொருத்திய கைப்பம்பால் 0.5 பார் அளவுக்குக் காற்று ஏற்றினார் மூத்தவர். பத்து நிமிடத்தில் ஊசி 0.4க்கு இறங்கியது.

“ஏசி போட்டதால இருக்குமாண்ணா?” என்றான் இளையவன்.

“ரெண்டு மூணு டிகிரி குளிர்ந்தா ஊசி மயிரிழைதான்டா நகரும். இது கசிவு.”

சுற்றைப் பாதியாகப் பிரித்து, முனைகளை அடைத்து, ஒவ்வொரு பாதியிலும் காற்றேற்றினார்கள். கார்டு பக்கம் இறங்கியது. அங்கே ஒரு ஃபிட்டிங்கிலிருந்து குழாயை உருவியபோது காரணம் தெரிந்தது. அறுத்த விளிம்பை அரம் போட்டு மழுக்கவில்லை. அந்தக் கூர்மை ஓ-ரிங்கில் நகக்கீறல் போல ஒரு வெட்டு போட்டிருந்தது. விளிம்பை உள்ளும் வெளியும் ராவி, புது ஓ-ரிங்கில் துளி கூலன்ட் தடவி, சாய்க்காமல் நேராக அழுத்தினான். மறுபடி 0.5. அரை மணி நேரம் ஊசி அசையவில்லை.

பிறகுதான் நிரப்பினார்கள். மதர்போர்டு, கார்டு எதற்கும் மின்சாரம் இல்லை. பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்துப் பம்பை மட்டும் ஓட்டினார்கள். தொட்டியில் மட்டம் இறங்கியதும் நிறுத்தி, ஊற்றி, மறுபடி ஓட்டினார்கள். வறண்டு ஓடினால் பம்பின் பேரிங் போய்விடும், அதற்குத் தண்ணீர்தான் மசகு. மூட்டுகளின் கீழே டிஷ்யூ விரித்திருந்தார்கள். கேஸைச் சாய்த்துச் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றினார்கள்.

கணினிக்காரர் பால்போன்ற நிறக் கூலன்ட் கேட்டிருந்தாராம். மூத்தவர் சம்மதிக்கவில்லை. அந்த நிறம் மிதக்கும் துகள்களால் வருவது; அவை பிளாக்கின் மெல்லிய தகடுகளுக்கிடையே படியும். அரிப்புத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் கலந்த தெளிவான கூலன்டையே ஊற்றினார். அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. அழகுக்காகத் தகடுகளைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஆண்டுக்கொரு முறை வடித்து மாற்றச் சொன்னார். இடையில் பார்க்க வேண்டியது வெப்பநிலை இடைவெளிகளை. அறைக்கும் கூலன்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடினால் ரேடியேட்டரில் தூசி என்று பொருள். அது அப்படியே இருக்க, அதே வேலைப்பளுவில் கூலன்டுக்கும் சிப்புக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கூடிக்கொண்டே போனால், பிளாக் அடைத்திருக்கலாம், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். “ஓட்டமும் குறைஞ்சிருந்தா பிளாக்கைத் திறந்துடுங்க சார், பேஸ்ட்டை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.