கண்டுபிடித்தவர் அவர்

வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அனைவருக்கும் ‘சிபாரிசு’ என்ற சொல் பழக்கமானது. ஊர்க்காரருக்கு ஊர்க்காரர், மச்சானுக்கு மச்சான் என்று அது பெரும்பாலும் உறவின் வழியாகவே நடக்கும். நான் சொல்லப்போவது உறவு எதுவும் இல்லாத இருவருக்கிடையே நடந்த சிபாரிசைப் பற்றி. தம்மாமில் என்னுடன் ஒரே அறையில் தங்கியிருந்த ஓர் ஏசி தொழில்நுட்பர் அதைச் செய்தார். எங்கள் ஊர் வழக்கப்படி அவரைக் ‘காக்கா’ என்றே அழைத்தேன். 2001இல் அவருக்கு 24 வயது. ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் 1,100 ரியால் சம்பளம். ஊரில் தங்கைக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு கோடையில் ஒரு பேரங்காடியின் உறைபனி அறையைப் பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. இறைச்சியும் கோழியும் வைக்கும் அறை. சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்க வேண்டும். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும், மூன்றாம் நாள் வெப்பம் ஏறத் தொடங்கும். காக்கா மானியைப் பொருத்திப் பார்ப்பார். அழுத்தம் குறைந்திருக்கும். கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவு செய்து நிரப்புவார். மூன்று நாளில் மீண்டும் அதே கதை. அவருக்கு முன்பு பார்த்தவர்களும் அதையே செய்திருந்தார்கள்.

வீட்டு ஏசி வேலையில் காக்கா கெட்டிக்காரர். உறைபனி அறை வேறு உலகம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சிறு பட்டறையில் இலங்கை இளைஞர் ஒருவர் வேலை செய்தார். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுவனாகப் புத்தளம் வந்து, அங்கே மீனுக்கான ஐஸ் ஆலையில் தொழில் பழகியவர். ஜும்ஆ முடிந்து ஒன்றாகச் சாப்பிடும் பழக்கத்தில் ஏற்பட்ட அறிமுகம்தான். காக்கா அவரை ஒரு வெள்ளிக்கிழமை அந்த அறைக்கு அழைத்துப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

அவர் மானியைத் தொடவே இல்லை. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த குளிர்க்குழாய்ச் சுருளை விளக்கடித்துப் பார்த்தார். அது முழுவதும் ஒரே சீராகப் பனிக்கட்டியால் மூடியிருந்தது.

“நானா, கேஸ் குறைஞ்சிருந்தா கேஸ் உள்ளே வாற முதல் நாலஞ்சு குழாயில மட்டுந்தான் பனி பிடிக்கும். மிச்சம் வெறுமையா இருக்கும். இது எல்லா இடமும் ஒரேமாதிரி மூடியிருக்கு. கேஸ் சரி. பனி உருகல்ல” என்றார்.

உறைபனி அறையின் சுருளில் பனி படிவது இயல்பு. அதனால் நாளொன்றுக்குச் சில முறை குளிரூட்டலை நிறுத்தி, சுருளுக்குள் இருக்கும் மின் சூடேற்றி எரிந்து பனியை உருக்கி, நீரை வெளியேற்ற வேண்டும். ஒரு டைமர் இதைத் தானாகச் செய்யும். அவர் டைமரின் சக்கரத்தைக் கையால் திருப்பி உருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். சூடேற்றிக்குப் போகும் கம்பியில் மின்னோட்டமானியைக் கவ்வ வைத்தார். முள் அசையவில்லை. சூடேற்றிக் கம்பிகள் எரிந்துபோயிருந்தன.

மானி பொய் சொன்னதா என்று காக்கா கேட்டார். இல்லை. பனி மூடிய சுருளுக்குள் காற்று நுழைய முடியாது. அறையின் வெப்பத்தை அது இழுக்க முடியாது. அழுத்தம் தானாகவே இறங்கும். அதைப் பார்த்துவிட்டுக் கேஸை மேலும் ஏற்றினால், சுருளில் ஆவியாக முடியாத திரவம் அப்படியே கம்ப்ரசருக்குத் திரும்பும். திரவத்தை அழுத்தக் கம்ப்ரசரால் இயலாது, ஒருநாள் உடையும். இன்னும் இரண்டு முறை நிரப்பியிருந்தால் அதுதான் நடந்திருக்கும் என்றார் அவர்.

தண்ணீர் ஊற்றிக் கட்டியைக் கரைத்தார்கள். கூடுதலாக ஏற்றிய கேஸை வெளியே எடுத்தார்கள். புதிய சூடேற்றிகள் வாங்கிப் பொருத்தினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் போயிற்று. அறை அசையவில்லை.

அங்காடியின் மேலாளர் காக்காவை அழைத்தார். எங்களிடமே வந்துவிடு, 1,800 ரியால், தங்குமிடம் தனி என்றார். மாதம் 700 ரியால் கூடுதல். தங்கையின் நிக்காஹ்வை நினைத்தால் அது சிறிய தொகையே அல்ல. மேலாளருக்கோ இரண்டாவது ஆள் ஒருவர் வந்து போனதே தெரியாது.

காக்கா சொன்ன பதிலை அன்றிரவு அறையில் அவர் வாயாலேயே கேட்டேன். “கண்டுபிடித்தவன் நான் இல்லை. இன்னொருவர். அவரை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். அத்தோடு நிற்கவில்லை. அந்த இளைஞருக்கு அரபு எழுத வராது, கணக்குப் புத்தகம் வைக்கத் தெரியாது, ஆனால் உறைபனி அறையில் அவர் சொல் தவறாது என்று, இருப்பதையும் இல்லாததையும் சேர்த்தே சொன்னார். கஃபீல் மாற்றத்துக்கு அரசுக் கட்டணம் 2,000 ரியால். அதை அங்காடியே கட்ட வேண்டும் என்றும் பேசி முடித்தார்.

எனக்கு அன்று கோபம்தான் வந்தது. “இரண்டு பேருக்கும் கேட்டிருக்கலாமே காக்கா?” என்றேன்.

“ஓர் இடம்தான் இருந்தது தம்பி” என்றார்.

அதன்பின் வாழ்க்கை அவரவரை அவரவர் திசையில் இழுத்தது. தங்கையின் நிக்காஹ் கடனோடு நடந்தது. இலங்கைச் சகோதரர் ஜுபைலில் இருந்த கிளைக்கு மாற்றப்பட்டார். தொலைபேசி எண்கள் மாறின.

2013 வந்தது. சவூதி வேலைவாய்ப்பில் நிதாகத் நடைமுறை எவ்வளவு பேரை உலுக்கியது என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சவூதியர் போதிய அளவில் இல்லாத நிறுவனங்கள் சிவப்பு வகை. காக்காவின் நிறுவனமும் சிவப்புக்குப் போனது. அவருடைய இகாமாவில் தொழில் ‘ஆமில்’ என்றே இருந்தது; அதாவது கூலியாள். அட்டையில் ஒரு தொழில், கையில் வேறொரு தொழில் என்பதும் அப்போது குற்றம். ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சலுகைக்காலம் ஜூலை 3இல் முடிந்து, பிறகு நவம்பர் 3 வரை நீண்டது. அதற்குள் பச்சை வகை நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொண்டால், பழைய முதலாளியின் சம்மதம் இன்றியே மாறலாம். தொழிலின் பெயரையும் திருத்திக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ள ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அந்த அங்காடியில் விசாரிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். காக்கா மறுத்துவிட்டார். “பன்னிரண்டு வருடம் கழித்துப் போய்க் கூலி கேட்பதா?” என்றார். அக்டோபரில் ஊருக்குத் திரும்ப முடிவு செய்து பெட்டி கட்டத் தொடங்கினார்.

அவர் தேடவில்லை, அவரைத் தேடி வந்தார்கள். அங்காடிக் குழுமத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளராகியிருந்த அந்த இலங்கைச் சகோதரருக்கு, சலுகைக்காலத்தில் வெளியேறியவர்களால் நான்கு இடங்கள் காலியாகியிருந்தன. பழைய நிறுவனத்தின் முகாமுக்கே வந்து, ஒவ்வோர் அறையாகக் கேட்டு, கடைசியில் எங்கள் அறையை அடைந்தார். தாடியில் நரை தெரிந்தது. முதலில் அவர் கேட்டது: “நானா, இகாமா எத்தனையாம் தேதி முடியுது?”

மறுநாள் மேலாளரின் அறையில் நானும் மொழிபெயர்க்க உடனிருந்தேன். இலங்கைச் சகோதரர் அப்போது அரபு நன்றாகவே பேசினார். என் உதவி தேவைப்படவில்லை. இவர் ஏசியில் சிறந்தவர், உறைபனி அறை அவ்வளவாகத் தெரியாது, அதை நான் கற்றுத்தருகிறேன், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் என்றார். குறையைச் சொன்ன இடத்தில் நான் பதறினேன். காக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

மாற்றம் அக்டோபர் கடைசி வாரத்தில் பதிவானது. புதிய இகாமாவில் தொழில் ‘குளிர்சாதனத் தொழில்நுட்பர்’ என்று இருந்தது. அன்றிரவே இருவரும் உறைபனி அறைக்குள் போனார்கள். ஃபஜ்ருக்குப் பின் சரக்கு வண்டி வந்து கதவு திறந்து கிடக்கும் நேரத்தில் பனி உருக்கும் சுற்று வரக்கூடாது, மின்சாரம் போய்வந்தால் டைமர் அந்த அளவுக்குப் பின்தங்கும், ஒவ்வொரு முறையும் திருப்பி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் இளையவர். காக்கா ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.