பிளக்கைப் பிடுங்கிய பிறகு

எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி. போன கோடையில் மாடியில் 160 வாட் பேனல் இரண்டு போட்டு, தனியாக 20 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலர் வைத்தோம். முதலில் பேட்டரி வயர், அப்புறம்தான் பேனல் வயர் என்று மெக்கானிக் முறைப்படியே மாட்டினார். ஆனால் இரண்டு பில் வந்தும் தொகை குறையவில்லை. "வடாம் காயப்போடும் இடமும் போயிற்று" என்றாள் மனைவி.

புதுச்சேரிப் பள்ளியில் வோல்டேஜை 'தான்சியோன்' என்று பிரெஞ்சில் படித்தவன் நான். ஒருநாள் காலை கண்ட்ரோலர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கே 13.7 வோல்ட், பேனலிலிருந்து ஒரு ஆம்பியர்கூட வரவில்லை. இரவிலேயே இன்வெர்ட்டர் வீட்டுக் கரண்டில் பேட்டரியை நிரப்பிவிடுகிறது. நிரம்பிய குடத்தில் வெயில் எங்கே ஊற்றும்?

இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு மின்விசிறியும் பேட்டரிக்கு மாறின; உச்சிவேளையில் பேனல் 15 ஆம்பியர் தந்தது, அந்தச் செலவுக்கு அதுவே போதும்.

இப்போது ஒன்பதுக்குப் பிடுங்கி நான்குக்குச் செருகுகிறேன். இதைத் தானாகச் செய்யும் கருவி கடையில் உண்டு. எனக்குத்தான் வேறு வேலை என்ன? மேகம் போட்டால் பிடுங்குவதில்லை. ஒருமுறை கவனிக்காமல் விட்டு, மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் கீச்சிட்டது, பேட்டரி 10.8 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. அடிக்கடி அப்படி இறங்கவிட்டால் பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

அடுத்த பில்லை மனைவி கையிலேயே கொடுத்தேன். வடாம் பக்கத்து வீட்டு மாடியில் காய்கிறது.