ஏழாம் எண் கிணறு

போன மாதம் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் வாசலில் வைத்து நண்பன் சொன்னான்: "மாப்ள, பிஎச்.டி. சேந்துட்டேன்டா. பார்ட் டைம்." சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பங்களின் கடன் பற்றி ஆராயப் போகிறான். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். கல்லூரி வேலையையும் விடவில்லை, தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டுதான் சேர்ந்திருக்கிறான். கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதை இங்கே எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் ஆய்வு மாணவன். பாதியில் விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "கைடு சரியில்லை" என்று சொல்லி வந்தேன். அது பொய். என் கைடு மீது ஒரு குறையும் கிடையாது.

என் தலைப்பு குடகனாற்றுப் படுகையின் கிணற்று நீர். தோல் ஆலைக்கு வரும் பச்சைத் தோல் கெட்டுப்போகாமலிருக்க அதில் உப்பைத் தடவி வைப்பார்கள். பதனிடும்போது முதல் ஊறலிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். திண்டுக்கல் பக்கம் பல வருடமாகக் கிணறுகள் உப்பானதற்கு இது ஒரு பெரிய காரணம். உப்பில் உள்ள குளோரைடை மண் பிடித்து வைப்பதில்லை, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். ஆகவே, கழிவு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க அதைத்தான் அளப்பார்கள். நான் 24 கிணறுகளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு சுற்று.

ஒரு சுற்றுக்கு மூன்று நாள் பிடிக்கும். வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி. மோட்டார் உள்ள கிணறென்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பி, கிணற்று எண்ணையும் தேதியையும் ஒட்ட வேண்டும். ஆய்வகத்துக்கு வந்ததும் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் நொடியில் நிறுத்த வேண்டும். முதல் வருடம் இதையெல்லாம் ஆசையாகச் செய்தேன். இரண்டாம் வருடத்தில் கூட வந்த பையன் வேலைக்குப் போய்விட்டான். அதன்பின் அந்த மூன்று நாளும் நானும் பாட்டில்களும்தான். எண்களைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. வீட்டில் கேட்பது ஒரே கேள்வி: எப்ப முடியும்?

2017 ஏப்ரல் சுற்றுக்கு நான் போகவில்லை. காய்ச்சலில்லை, வண்டி கெடவில்லை. நாளைக்குப் போகலாம் என்று படுத்துக் கிடந்தேன். மூன்று வாரம் அப்படியே போயிற்று. மே மாதம் டாக்டரல் கமிட்டி. அட்டவணையில் ஏப்ரல் பத்தி மட்டும் காலியாக இருந்தது. முந்தைய ஏப்ரல் எண்ணையும் அந்த ஜனவரி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஒன்றிரண்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, 24 கிணறுகளுக்கும் நிரப்பினேன். அரை மணி நேர வேலை.

தண்ணீர் ஆய்வில் ஒரு சோதனை உண்டு. நேர்மின் அயனிகளின் கூட்டும் எதிர்மின் அயனிகளின் கூட்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். மிகவும் விலகினால் அளவில் பிழை என்று அர்த்தம். என் பொய் எண்கள் அதில் அழகாகத் தேறின. சமமாக இருக்கும் இரண்டுக்கு நடுவெடுத்தால் அதுவும் சமமாகத்தானே இருக்கும்? கமிட்டியில் ஒருவர் "டேட்டா கன்சிஸ்டன்டா இருக்கு" என்று பாராட்டவும் செய்தார்.

ஜூலையில் நல்ல பிள்ளையாகக் கிளம்பினேன். தாடிக்கொம்பை ஒட்டிய தோட்டத்தில் ஏழாம் எண் கிணறு. அடியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான் தம்பி கொஞ்சம் ஊறியிருக்கு. பங்குனியிலயே வத்திப்போச்சு. சித்திரை, வைகாசி பூரா லாரித் தண்ணிதான்."

என் அட்டவணையில் சித்திரை மாதத்தில் அந்தக் கிணற்றின் குளோரைடு லிட்டருக்கு 612 மில்லிகிராம்.

இல்லாத தண்ணீரில் 612. வண்டியில் திரும்பும்போது இன்னொன்றும் உறைத்தது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்திருந்தது. முந்தைய ஏப்ரலில் 580 ஆக இருந்த அந்தக் கிணறு ஜனவரியிலேயே 645க்கு ஏறியிருந்தது. தண்ணீர் குறையக் குறைய உப்பு இறுகும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஜனவரியில் ஏறத் தொடங்கிய உப்பை, மழையில்லாத கோடையில் நான் இறக்கிவிட்டிருந்தேன். ஒரு கிணறு மட்டுமா? வற்றாத கிணறுகளில் அந்தக் கோடையில் உப்பு எந்த உச்சத்துக்குப் போனதோ, அது என் அட்டவணையில் இல்லவே இல்லை. என் ஆய்வுக் காலத்திலேயே அறிய வேண்டிய பருவம் அதுதான். போயிருந்தால் ஏழாம் எண்ணுக்கு நேராக 'வறண்டது' என்று ஒரு சொல் எழுதியிருப்பேன். ஆய்வேட்டின் கனமான சொல் அதுவாக இருந்திருக்கும்.

அப்போதாவது கைடிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். அந்தச் சுற்றை நீக்கிவிட்டு, அடுத்த ஏப்ரலைச் சேர்த்து எழுது என்றிருப்பார். ஒரு வருடம் கூடியிருக்கும், அவ்வளவுதான். நான் அவர் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து ஆய்வகத்துக்குப் போகத் தொடங்கினேன். பிறகு அதுவும் நின்றது. அவர் போன் செய்தால் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். என் பதிவுக்கு உச்சவரம்பு ஆறு வருடம். அது தானாகத் தீர்ந்துபோகும்வரை காத்திருந்தேன்.

தனிமையால் கெட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மைதான். யாரும் பார்க்காத வேலை அது. தோட்டத்துக்கு நான் போனேனா என்று கைடு வந்து பார்க்க முடியாது. மீதிப் பாதி வேறு: செய்யவில்லை என்று சொல்வதைவிட, செய்தேன் என்று எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மாப்ள, உனக்கும் இது வரும். குறைந்தது மூன்று வருடம், பார்ட் டைமில் இன்னும் கூடவே ஆகும். நாற்பதாவது வீட்டில் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்தவர் வட்டியைச் சொல்வார், அசலைச் சொல்ல மாட்டார். ராத்திரி பத்து மணிக்குப் படிவத்தை நிரப்பும்போது, பக்கத்து வீட்டுக் கணக்கை வைத்து ஓர் எண்ணைப் போட்டுவிடலாம் என்று கை போகும். அந்த நேரத்தில் கட்டத்தைக் காலியாக விடுகிற தெம்பு உனக்கு இருக்கட்டும். 'சொல்லவில்லை' என்று எழுது. கடன்பட்டவர் எதை மறைக்கிறார் என்பதும் உன் ஆய்வுதானே. போகாத வாரத்தை அந்த வாரமே கைடிடம் சொல்லிவிடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடும். அதுவரை மூடி வைத்தால் அங்கே வாய் வராது. பேச ஆளில்லை என்று தோன்றினால் எனக்குப் போன் பண்ணு. சின்னாளப்பட்டிக்கு உன் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், படிவக் கட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளாக.

கைடுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அந்த அட்டவணை இருந்த பழைய குறிப்பேட்டையும் எடுத்தேன். பிழையை அழிக்கக் கூடாது, ஒரே கோடாக அடித்துத் தேதி போட வேண்டும் என்று முதல் மாதமே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஏழாம் எண்ணுக்கு நேரே 612ஐ அடித்து 'வறண்டது' என்று எழுதினேன். மற்ற 23ஐயும் அடித்து, நேரே 'எடுக்கவில்லை' என்று எழுதி, கீழே இன்றைய தேதியைப் போட்டிருக்கிறேன்.